கேட்காத கொசுறு: வேலையில் தங்க முலாம் பூசினால் நாளும் பணமும் எங்கே போகிறது?

ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தையில் காய் வாங்கினால் கடைசியில் ஒரு கொத்து கறிவேப்பிலையும் நாலு கொத்தமல்லித் தழையும் பையில் விழும். கொடுக்கிற அம்மாவுக்கு அதன் அடக்கவிலை தெரியும். பையில் போட்டதோடு அவர் பொறுப்பும் முடிந்தது. நாளைக்கு அந்தக் கறிவேப்பிலை வாடிவிட்டால் யாரும் அவரைத் தேடி வரப்போவதில்லை.

மென்பொருளில் கொடுக்கும் கொசுறு அப்படியல்ல. கொடுத்த பிறகுதான் அதன் செலவே ஆரம்பிக்கிறது. வாடிக்கையாளர் கேட்காத ஒன்றைச் செய்பவரே தன் ஆசையில் சேர்த்துக் கொடுப்பதைத் திட்ட மேலாண்மையில் கோல்டு பிளேட்டிங் என்பார்கள். தங்க முலாம் பூசுவது. கோயம்புத்தூரில் இந்த வார்த்தையைச் சொன்னால் நகைப் பட்டறை ஞாபகம்தான் முதலில் வரும். நான் சொல்லப்போவது மென்பொருள் வேலையில் நடப்பது.

இதோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இன்னொன்று ஸ்கோப் கிரீப். அதில் வாடிக்கையாளர் பக்கமிருந்து "அப்படியே இதையும் போட்டுருங்க" என்று ஒவ்வொன்றாக வந்து, விலையும் நாளும் பேசாமலே வேலை வீங்கும். தங்க முலாமில் யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். பேரி போம் என்ற மென்பொருள் பொறியியல் அறிஞர் 1991-ல் வெளியிட்ட பத்து முக்கிய அபாயங்களின் பட்டியலில் இரண்டும் தனித்தனி வரிகளாகவே இருக்கின்றன. பிரித்ததற்குக் காரணம் உண்டு. வாடிக்கையாளர் கேட்டால் ஒரு போனோ ஒரு மெயிலோ சாட்சியாக இருக்கும். நாமே சேர்த்தால் எந்தச் சாட்சியும் இருக்காது. அதனால்தான் அது சத்தமில்லாமல் கணக்கைத் தின்கிறது.

என் கையைச் சுட்ட ஒரு வேலையை வைத்தே வழிமுறையைச் சொல்கிறேன்.

அந்த வரைபடத்தின் கதை

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி யூனிட். நூல் வாங்கி, நிட்டிங்குக்கு அனுப்பி, துணியை டையிங்குக்கும் காம்பாக்டிங்குக்கும் அனுப்பி, திரும்ப வாங்கி கட்டிங்குக்கு ஏற்றுவார்கள். எல்லாமே வெளியே ஜாப் ஒர்க். எந்த லாட் எந்த டிசியில், அதாவது எந்த டெலிவரி சலானில், போனது, எவ்வளவு கிலோ திரும்பி வந்தது என்று வைத்துக்கொள்ள ஒரு மென்பொருள் கேட்டார்கள். நாங்கள் கோவையில் மூன்று பேர் கொண்ட அணி: இரண்டு புரோகிராமர், ஒரு டெஸ்டர். மேற்பார்வை நான்.

பேசிய விலை 3,80,000 ரூபாய். வேலையை 120 ஆள்நாள் என்று மதிப்பிட்டோம். சம்பளம், வாடகை, கரண்ட் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஒரு ஆள்நாள் 2,500 ரூபாய். ஆக அடக்கம் 3,00,000. எதிர்பாராத தடங்கலுக்கு 12 ஆள்நாள், அதாவது 30,000 ரூபாய், தனியாக ஒதுக்கினேன். மீதி 50,000 லாபம். ஒதுக்கியதில் மிச்சமானால் அதுவும் லாபத்தில் சேரும். தீபாவளிக்கு 12 வேலை நாள் முன்னால் ஒப்படைப்பது என்று தேதி வைத்தோம்.

புரோகிராமர்களில் இளையவர் கெட்டிக்காரர். ஒரு திங்கட்கிழமை காலை, "அண்ணா, ஒன்னு காட்டறேன் பாருங்க" என்று திரையைத் திருப்பினார். முகப்பில் ஒரு வரைபடம். ஒவ்வொரு சாயப்பட்டறைக்கும் ஒரு கம்பம். எவ்வளவு சதவீதம் எடை இழப்பு என்று பச்சை, மஞ்சள், சிவப்பில் நின்றது. சனி, ஞாயிறு உட்கார்ந்து செய்திருந்தார். "ரெண்டே நாள்தாங்ண்ணா, லீவுலதான் செஞ்சேன்" என்றார். பார்க்க அழகாக இருந்தது. நான் சொன்னது: "சூப்பர், இருக்கட்டும்."

தப்பு அந்த "இருக்கட்டும்"-இல் நடந்தது. பையனைச் சொல்லிக் குற்றமில்லை.

அதற்கப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வரைபடத்துக்குச் சாயப்பட்டறை வாரியாக எடை வேண்டும். எங்கள் பதிவுத் திரையில் அது ஒரே இடத்தில் இல்லை. ஒரு புலம் சேர்த்து, பதிவுத் திரையை மாற்ற ஒன்றரை நாள். டெஸ்டர் அதைச் சோதிக்க 2 நாள். சோதித்தபோது வரைபடம் 14,320 கிலோ என்றது, அவர்கள் கேட்டிருந்த அறிக்கை 13,870 கிலோ என்றது. 450 கிலோ வித்தியாசம். தேடிப்பார்த்தால், ரத்து செய்த ஒரு டிசியை அறிக்கை விட்டுவிட்டது, வரைபடம் எண்ணிவிட்டது. கண்டுபிடித்துத் திருத்தி மறுபடி சோதிக்க இரண்டரை நாள். அப்புறம் ஒரு வருட டேட்டாவை ஏற்றியதும் முகப்புத் திரை திறக்கவே நேரம் எடுத்தது. வரைபடம் ஒவ்வொரு முறையும் எல்லா டிசியையும் கூட்டிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய ஒன்றரை நாள். முகப்பு மாறியதால் பயனர் கையேட்டில் படங்களை மாற்ற ஒரு நாள்.

கடைசியாக, ஓட ஆரம்பித்த பிறகு 3 நாள். அதுதான் கதையிலேயே மோசமான பகுதி, கீழே வருகிறேன்.

கூட்டினால் 2, 1.5, 2, 2.5, 1.5, 1, 3. மொத்தம் பதின்மூன்றரை ஆள்நாள். புரோகிராமர் சொன்ன "ரெண்டே நாள்" இந்தக் கணக்கில் ஒரு சின்னத் துண்டுதான். அந்த இரண்டு நாளுக்கு நாங்கள் சம்பளம் தரவில்லை என்று வைத்துக்கொண்டாலும், சம்பளம் கொடுத்துச் செய்தது பதினொன்றரை நாள், 28,750 ரூபாய்.

ஒதுக்கி வைத்த 12 நாள் எதற்கு என்றால், அவர்களுடைய பழைய எக்செல் கோப்புகளை எங்கள் மென்பொருளுக்குள் கொண்டுவருவதற்கு. அதில் ஒரே பார்ட்டியின் பெயர் ஐந்து விதமாக எழுதப்பட்டிருக்கும் என்று எனக்கு முன்பே பயம் இருந்தது. பயந்தபடியே இருந்தது, கூடுதலாக 5 நாள் போனது. வரைபடம் இல்லாமலிருந்தால் 12-இல் 5 போய், லாபம் 67,500 நின்றிருக்கும். வரைபடத்தோடு 38,750 தான் நின்றது. ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் போய்விட்டது.

நாள் எப்படிப் போனது

பணத்தைவிட இதுதான் எனக்குப் புதிய பாடம். பதின்மூன்றரை ஆள்நாளில் எல்லாமே தேதியைத் தள்ளவில்லை. புரோகிராமர் கையில் கொஞ்சம் இடைவெளி இருந்ததால் பதிவுத் திரையை மாற்றிய ஒன்றரை நாள் வேலை அதற்குள் அடங்கிவிட்டது. ஆனால் டெஸ்டர் ஒரே ஆள். முடிந்த வேலையெல்லாம் அவர் மேசை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். சோதனை 2, எடை வித்தியாசம் 2.5, முகப்பின் வேகம் 1.5, கையேடு 1 என்று 7 நாளும் அவருக்கு முன்னால் வரிசையில் நின்றன. கேட்ட வேலை அதற்குப் பின்னால் காத்திருந்தது.

ஒப்படைக்க வேண்டியது தீபாவளிக்கு 12 வேலை நாள் முன்பு. 7 கழிந்தால் 5. திருப்பூரில் தீபாவளிக்கு 5 நாள் முன்பு போய், "ஒரு மணி நேரம் உக்காருங்க, புது சாஃப்ட்வேர் சொல்லித்தர்றோம்" என்று கேட்டுப் பாருங்கள். போனஸ் கணக்கு, வாரக்கூலி செட்டில்மென்ட், கடைசி ஷிப்மென்ட் என்று ஆபீஸே தலைகீழாக இருக்கும். ஆட்கள் ஊருக்குப் போனால் திரும்பி வந்து சேர்வதற்கும் நாளாகும். பயிற்சி தீபாவளிக்கு அப்புறம் என்று ஆனது. 7 நாள் தாமதம் ஏறக்குறைய ஒரு மாதமாக நீண்டது. மென்பொருள் ஓட ஆரம்பித்தபின் தருவதாகச் சொன்ன கால்பங்கு, 95,000 ரூபாய், அந்த ஒரு மாதமும் வரவில்லை.

ஆகவே ஒரு கொசுறு உங்கள் தேதியை எவ்வளவு தள்ளும் என்று பார்க்க, அதைச் செய்ய எத்தனை நாள் என்று மட்டும் கேட்டால் போதாது. எல்லா வேலையும் வந்து நிற்கிற ஒடுங்கிய வாசல் எது, அந்த வாசலில் இது எத்தனை நாள் நிற்கும் என்று கேளுங்கள். எங்களுக்கு வாசல் டெஸ்டர். உங்களுக்கு அது வாடிக்கையாளர் பக்கம் ஒப்புதல் தருகிற ஒரே மேனேஜராக இருக்கலாம்.

முதல் படி: கேட்டதற்கு எண் கொடுங்கள், கேட்காததையும் எழுதுங்கள்

ஒப்பந்தத்தில் பெரும்பாலும் என்ன செய்வோம் என்றுதான் எழுதுகிறோம். அதை வரி வரியாக உடைத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுங்கள். அந்த வேலைக்கு எங்களிடம் REQ-01 முதல் REQ-23 வரை இருந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் நேரே, எதைக் காட்டினால் "சரி, முடிந்தது" என்று ஒத்துக்கொள்வார்கள் என்று ஒரு வாக்கியம் வேண்டும். உதாரணமாக: "ஒரு லாட் எண்ணைக் கொடுத்தால், அது போன டிசிகளும் திரும்பிய கிலோவும் ஒரே தாளில் வர வேண்டும்." இதைப் படிக்கும் புரோகிராமருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்துவிடும். "டிசி அறிக்கை நன்றாக இருக்க வேண்டும்" என்று எழுதினால் எங்கேயும் நிறுத்த முடியாது. தங்க முலாம் பாதி இந்த மாதிரி வாக்கியங்களில்தான் பிறக்கிறது.

அதன் கீழேயே, செய்யப்போவதில்லை என்று தெரிந்தவற்றையும் எழுதுங்கள். வரைபடம் இல்லை, மொபைல் ஆப் இல்லை, சம்பளக் கணக்கு இல்லை. இப்படி எழுதிக் கையில் கொடுத்தால் மரியாதைக் குறைவாக நினைப்பார்களோ என்று நமக்குக் கூச்சமாக இருக்கும். வந்தவருக்குப் போதும் போதும் என்கிற வரை இலையில் வைக்கிற ஊர். ஆனால் இந்தப் பட்டியலுக்கு எந்த முதலாளியும் என்னிடம் கோபப்பட்டதில்லை. இரண்டு பேர், "இது வேணுமே தம்பி" என்று அங்கேயே சொல்லி, விலையும் பேசி, கேட்டவை பக்கம் சேர்த்திருக்கிறார்கள்.

இரண்டாம் படி: எண் இல்லாத வேலையைத் தேடுங்கள்

விதி எளிது. எந்த வேலையும் ஓர் எண்ணோடுதான் நடக்க வேண்டும். விதியைச் சொல்லிவிட்டால் மட்டும் நடக்காது, வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். கோடு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள், ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும்போது எழுதுகிற கமிட் செய்தியில் அந்த எண்ணை எழுதும் பழக்கத்தைக் கொண்டுவந்தால், எண் இல்லாதவற்றை ஒரே வரியில் எடுக்கலாம்:

```
git log --oneline --since="1 week ago" --invert-grep --grep="REQ-"
```

இதில் வருகிற எல்லாமே தங்க முலாம் என்று அர்த்தமில்லை. எழுத மறந்தது இருக்கும், சின்னத் திருத்தம் இருக்கும். ஆனால் மூன்று கமிட்டுகள் ஒரே புதிய கோப்பைத் தொட்டிருந்தால், போய் உட்கார்ந்து கேளுங்கள். எங்கள் வரைபடம் இந்தப் பட்டியலில் இரண்டாம் வாரமே சிக்கியிருக்கும். நான் அப்போது இதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

கணக்கை வைத்தும் தெரியும், ஆனால் தாமதமாகத் தெரியும். ஒரு கட்டத்தில் முடித்த வேலைகளின் திட்டமிட்ட நாட்களைக் கூட்டுங்கள்; அவற்றுக்கு உண்மையில் செலவான நாட்களால் வகுங்கள். ஒன்றுக்கு அருகில் இருந்தால் செலவு கட்டுக்குள் இருக்கிறது. எங்களுக்கு ஒரு கட்டத்தில் 84 நாள் வேலை முடிந்திருந்தது, செலவானது 94. வகுத்தால் 0.89. கொசுறு வேலைக்குத் திட்டத்தில் இடமே இல்லாததால், அதைச் செய்து முடித்தாலும் மேலே உள்ள எண் ஏறாது. கீழே உள்ளது மட்டும் ஏறும்.

இதில் ஒரு சூட்சுமம். ஞாயிற்றுக்கிழமை வேலை நேரத்தாளில் ஏறாது. அதனால் கொசுறு பிறக்கிற வாரத்தில் கணக்கு சுத்தமாக இருக்கும். இரண்டு மூன்று வாரம் கழித்து, வேறு யாரோ ஒருவர் தாளில், பெரும்பாலும் டெஸ்டர் தாளில், காரணம் தெரியாமல் வீக்கம் வரும். நான் அந்த நேரத்தில் டெஸ்டரைத்தான் கேட்டேன், "என்னம்மா, இவ்வளவு நாளாகுது?" என்று. அந்தப் பெண் வாய் திறக்காமல் எண் இல்லாத சோதனைகளின் பட்டியலை நீட்டினார். ஒருவருடைய நாட்கள் திடீரென்று கூடினால், அவருக்கு முந்தைய மேசையில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

மூன்றாம் படி: ஐடியாவைக் கொல்லாதீர்கள், நோட்டில் எழுதி விலை போடுங்கள்

"கேட்டதை மட்டும் செய்" என்று அதட்டினால் நல்ல புரோகிராமர் போய்விடுவார், அல்லது ஒளித்துச் செய்வார். ஏன் சேர்க்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். திறமை இருக்கிறது, டிசி பதிவுத் திரை சலிப்பாக இருக்கிறது, அதனால் சிலர் சேர்ப்பார்கள். இன்னும் சிலர் வேலை தாமதமான குற்ற உணர்ச்சியில், சமாதானப் பரிசு மாதிரி ஏதாவது சேர்ப்பார்கள். இரண்டாவது ரொம்ப ஆபத்து. ஏற்கெனவே பின்தங்கிய வேலையில் மேலும் பாரம் ஏற்றுவது அது.

நாங்கள் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். ஐடியா வந்தவர் ஒரு வரி எழுதுவார். கோடு எழுதத் தொடங்கக் கூடாது, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை அரைமணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் விலை போடுவோம். விலை போடும்போது செய்கிற நாளோடு நிறுத்தாமல் வாலையும் சேர்க்க வேண்டும்: இதற்கான டேட்டா இப்போது பதிவாகிறதா, இல்லை புதிதாகப் பதிய வேண்டுமா? யார், எத்தனை நாள் சோதிப்பார்? இது காட்டும் எண் வேறெங்காவது வருகிறதா, வந்தால் இரண்டும் ஒத்துப்போகுமா? ஒரு வருட டேட்டா ஏறினால் தாங்குமா? கையேட்டில், பயிற்சியில் எது மாறும்? ஓடிய பிறகு இதைப் பற்றி யார் போன் செய்வார்கள், பதில் சொல்வது யார்?

மூன்றாவது கேள்வியில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் இரண்டு எண்ணாகக் காட்டிவிட்டால், அதற்கப்புறம் கணக்குப்பிள்ளை இரண்டையுமே நம்ப மாட்டார்.

நான்காம் படி: ஒரு தாளில் கேளுங்கள்

விலை போட்டபின் நல்லதாகத் தெரிந்தால் வாடிக்கையாளரிடம் கொண்டுபோங்கள். பெரிய ஆவணம் வேண்டாம். என்ன, எத்தனை ரூபாய், ஒப்படைக்கும் தேதி எத்தனை நாள் தள்ளும், வேண்டாமென்றால் எதுவும் கெடாது. நான்கு வரி. கையெழுத்தோ மெயிலில் ஒரு "சரி"யோ வந்தால் அதற்கும் ஓர் எண் கொடுத்து, திட்டத்தில் நாளையும் விலையையும் ஏற்றிவிட்டு ஆரம்பியுங்கள். அந்த நிமிடத்திலிருந்து அது கேட்ட வேலை.

"இலவசமாகவே செய்கிறோம்" என்று முடிவு செய்தாலும் இந்தத் தாள் போக வேண்டும். விலை இடத்தில் பூஜ்யம் போடலாம், நாள் இடத்தில் பூஜ்யம் போட முடியாது.

இந்தப் படியைச் செய்யாமல் விட்டதால் எனக்கு நேர்ந்ததுதான் மேலே சொன்ன அந்த 3 நாள். மென்பொருள் ஓட ஆரம்பித்த மூன்றாம் நாள் காலை முதலாளி போன் செய்தார். முகப்பில் ஒரு சாயப்பட்டறையின் கம்பம் சிவப்பாக நிற்கிறது, 10 சதவீத இழப்பு. அவர் அதைப் பார்த்துவிட்டு, பல வருடமாகப் பழகிய அந்தப் பட்டறைக்காரரை ஏற்கெனவே போனில் பிடித்துக் கத்தி முடித்திருந்தார். பட்டறைக்காரர் வண்டியெடுத்து நேரில் வந்துவிட்டார்.

நடந்தது இது. அந்த லாட் 600 கிலோ. முதல் டிசியில் 540 கிலோ திரும்பியிருந்தது; மீதி 36 கிலோ பட்டறையில் இருந்தது, இரண்டு நாளில் வரவேண்டியது. வந்து சேர்ந்தால் 576, இழப்பு 4 சதவீதம். அவர்கள் கேட்டிருந்த அறிக்கை, லாட் மூடிய பிறகுதான் இழப்பைக் கணக்கிடும். அப்படித்தான் அவர்களோடு உட்கார்ந்து எழுதியிருந்தோம். வரைபடத்தைப் பற்றி யாரோடும் உட்காரவில்லை. வராத 36 கிலோவையும் இழப்பாகவே அது எண்ணியது. கோடில் பிழை என்று எதுவுமே இல்லை. கொடுத்த கணக்கைச் சரியாகத்தான் போட்டது. கேள்வியே தப்பு. கேட்டவரோடு பேசாமல் செய்ததால் அந்தத் தப்பைப் பிடிக்க ஒருவரும் இல்லை. டெஸ்டருக்கும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வாக்கியம் இல்லையே.

நேரில் போய் விளக்கி, பழைய டிசிகளைப் புரட்டிக் காட்டி, வரைபடத்தை முகப்பிலிருந்து எடுத்து, 3 நாள். முதலாளி கோபமெல்லாம் படவில்லை. "ஏனுங்க தம்பி, இத யாருங்க கேட்டா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் அவரே சொன்னார்: "எனக்குக் கலர் எல்லாம் வேண்டாங்க. டையிங்ல இருந்து எவ்வளவு பாக்கி வரணும்னு தெனமும் காலைல ஒரு தாள் வந்தாப் போதும்."

பாக்கித் தாள். மூன்று நாள் வேலை. விலை சொல்லியிருந்தால் தந்திருப்பார். நாங்கள் கேட்கவே இல்லை.

ஐந்தாம் படி: ஏற்கெனவே செய்தாகிவிட்டதா?

பெரும்பாலும் நீங்கள் இதைக் கண்டுபிடிக்கும்போது கொசுறு பிறந்து ஓடிக்கொண்டிருக்கும். "செஞ்சாச்சு, வீணாக்க வேண்டாமே" என்று எல்லோருக்கும் தோன்றும். செய்யப் போன நாள் போனதுதான், திரும்பாது. இனி ஆகப்போகிற செலவை மட்டும் பாருங்கள். எங்கள் வரைபடத்தில் அந்தத் திங்கட்கிழமை வரை ஆனது 2 நாள். இனி ஆக இருந்தது பதினொன்றரை. அன்றைக்கு எடுத்துப்போட்டிருந்தால் நஷ்டம் ஒரு பையனின் சனி, ஞாயிறோடு போயிருக்கும்.

சோதனைக்குப் போகுமுன் தெரிந்தால், தனிக் கிளையாக எடுத்து வைத்துவிட்டு, நோட்டில் எழுதி நான்காம் படிக்குக் கொண்டுபோங்கள். அணைத்துவைத்து உள்ளேயே விடுகிற பழக்கம் எனக்குப் பிடிக்காது; அணைத்த கோடும் அடுத்த மாற்றத்தில் உடையும், யாரோ ஒருவர் சரிசெய்துகொண்டிருப்பார். மற்ற வேலைகள் அதன்மேல் ஏறி, எடுத்தால் இன்னும் செலவு என்ற நிலை வந்துவிட்டால், வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். அது காட்டும் எண்ணுக்கு என்ன பொருள் என்று அவர் ஒப்புக்கொண்டபின் ஓடட்டும்.

எது தங்க முலாம் இல்லை

இதைப் படித்துவிட்டு, பட்டியலில் இல்லாத எதையும் தொடமாட்டேன் என்று கிளம்பினால் அதுவும் தப்பு. வாடிக்கையாளர் வாயால் சொல்லாவிட்டாலும் வேலைக்குள்ளேயே இருக்கிற தேவைகள் உண்டு. ஜிஎஸ்டி விதிப்படி டெலிவரி சலானின் வரிசை எண் 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. அதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. ஆனால் அதைத் தாண்டினால் திரை எச்சரிக்க வேண்டும் என்று மூத்த புரோகிராமர் சேர்த்தார். அது சரியான வேலை. ஜாப் ஒர்க்குக்குப் போன மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும் என்று சட்டம் சொல்வதால், அனுப்பிய தேதியை அழிக்க முடியாமல் பூட்டியதும் அப்படித்தான். தினமும் பேக்கப் எடுப்பதும் அப்படித்தான்.

எனக்கு உதவும் சோதனை இது: இதை விட்டுவிட்டால் ஏதாவது ஓர் எண்ணின் ஒப்புதல் வாக்கியம் பொய்யாகுமா, அல்லது சட்டமோ பாதுகாப்போ உடையுமா? ஆம் என்றால் அது கேட்ட வேலைதான், மதிப்பீட்டில் விட்டுப்போனது உங்கள் பிழை. ஆனால் அதையும் அந்த எண்ணின் கீழ் எழுதி, நாளைக் கணக்கில் ஏற்றுங்கள். இல்லை என்றால் நோட்டுக்குப் போகட்டும். ஒரு வருடத்து எடை இழப்பு வரைபடத்தை இந்தக் கேள்வியில் வைத்தால் "இல்லை" என்று அரை நிமிடத்தில் வந்துவிடும். எல்லைக்கோட்டில் நிற்பவையும் உண்டு. திரை திறக்கும் வேகம் அப்படி ஒன்று. எத்தனை வினாடி என்று முதலிலேயே எழுதாவிட்டால், மெருகேற்றிக்கொண்டே போகலாம், முடிவே கிடையாது.

நாள் கணக்குக்குப் பணம் வாங்குகிற ஒப்பந்தம் என்றால் நஷ்டம் உங்களுக்கு இல்லை, வாடிக்கையாளருக்கு. அங்கே கேட்காததைச் செய்து பில்லில் ஏற்றுவது இன்னும் மோசம்.

அந்த வரைபடம் ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தது. அதே யூனிட், அதே முதலாளி. பாக்கித் தாளை தினமும் பார்த்துப் பழகியபின், பட்டறைகளை ஒப்பிட வேண்டும் என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. இந்த முறை அதே பையன்தான் போய் உட்கார்ந்து எழுதினார்: மூடாத லாட் கணக்கில் வராது, ரத்தான டிசி வராது, முகப்பில் வேண்டாம், மாதம் ஒருமுறை. ஒன்பது ஆள்நாள் என்று விலை போட்டோம். முதலாளி ஒரு நாள் குறைக்கச் சொன்னார், சிவப்பு நிறத்தை எடுத்துவிட்டு எட்டரைக்கு முடித்தோம்.